குழுவாக எழுதும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்: மூலம் குறிப்பிட, திருட்டுப் பழி தவிர்க்க சில குறிப்புகள்

எம்.பி.ஏ. வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரு தலைப்பு கொடுப்பார்கள். ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டு, கடைசி நாளுக்கு முந்தைய இரவில் ஒருவர் எல்லாவற்றையும் ஒட்டுவார். எழுத்துத் திருட்டு என்று பிற்பாடு பிடிபடுவதில் பெரும்பகுதி யாரோ வேண்டுமென்றே செய்த களவு அல்ல. எந்த வரி எங்கிருந்து வந்தது என்ற தகவல், கை மாறும்போது தொலைந்துபோனதன் விளைவுதான். ஆகவே கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் அந்தத் தகவலைத் தொலைக்காமல் காப்பது பற்றியவை. எடுத்துக்காட்டுக்கு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் வகுப்புகளில் ஓயாமல் வரும் ஒரு தலைப்பையே எடுத்துக்கொள்கிறேன்: சிட்னி ஆப்பரா ஹவுஸ் கட்டி முடிக்க ஏன் அவ்வளவு காலமும் பணமும் பிடித்தன?

1. அத்தியாயத்தைப் பிரிக்கும் அன்றே மூலங்களுக்கு ஒரு பொது அட்டவணை தொடங்குங்கள்.

கூகுள் ஷீட்டில் ஆறு பத்திகள் போதும்: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பக்கம் அல்லது இணைப்பு, யார் படித்தது, எந்த அத்தியாயத்தில் வருகிறது. புத்தகம், கட்டுரை, இணையப் பக்கம் எதுவானாலும் முதலில் இதில் ஏறிய பிறகுதான் அதிலிருந்து குறிப்பு எடுக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கே மேற்கோள் முறையையும் முடிவு செய்துவிடுங்கள். கல்லூரி எதையும் வற்புறுத்தவில்லை என்றால் நான் ஏ.பி.ஏ. முறையைச் சொல்வேன். அதில் வரிக்குள்ளேயே ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும். அத்தியாயங்களை முன்பின் மாற்றினாலும் அது கெடாது. ஐ.இ.இ.இ. முறையில் சதுர அடைப்புக்குள் எண் வரும். ஐந்து பேரும் தனித்தனியே ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு வைத்திருப்பார்கள். ஒட்டும்போது ஐந்து ‘ஒன்று’கள் இருக்கும். எது எவருடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

2. குறிப்பு எடுக்கும்போதே மூன்று வகையைப் பிரித்துக் காட்டுங்கள்.

மூலத்தில் உள்ளபடியே எடுத்த வரி, மூலத்தின் கருத்தை உங்கள் சொல்லில் எழுதியது, உங்களுக்கே தோன்றியது. இந்த மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் நோட்டில் கிடந்தால் பத்து நாள் கழித்து எழுதியவருக்கே எது எது என்று தெரியாது. குழுவில் நிலைமை இன்னும் மோசம். குறிப்பு எடுப்பவர் ஒருவர், அதை வைத்து அத்தியாயம் எழுதுபவர் இன்னொருவர். அப்படியே எடுத்த வரிக்கு மேற்கோள் குறியும் பக்க எண்ணும் அப்போதே போட்டுவிட வேண்டும். சொந்தச் சொல்லில் எழுதியதற்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் வேண்டும். சொந்தக் கருத்துக்கு முன்னால் உங்கள் பெயரின் முதலெழுத்தைப் போடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் “இது நம்ம ரெண்டாவது சாப்டருக்கு ஆகும்” என்று ஒரு பத்தியை ஒட்டி அனுப்பும் பழக்கம்தான் பெரிய ஓட்டை. அனுப்புகிற பத்தியோடு அட்டவணையின் வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். எண் இல்லாமல் வரும் பத்தியை யாரும் எடுத்தாளக் கூடாது. கறாராகத் தோன்றும், ஆனால் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

3. சொல்லை மாற்றுவது சொந்தமாக எழுதுவது ஆகாது.

இங்குதான் நல்ல மாணவர்களும் சறுக்குகிறார்கள். ஒரு மூலத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம் (எடுத்துக்காட்டுக்காக நானே எழுதிய வரிகள்): “கூரையின் வடிவம் முடிவாகும் முன்பே அடிமேடையின் கட்டுமானம் தொடங்கப்பட்டது. இதனால் கூரையின் எடையைத் தாங்கப் போதிய வலுவில்லாத தூண்களை இடித்து மறுபடி கட்ட நேர்ந்தது.”

ஒரு மாணவர் எழுதுகிறார்: “மேற்கூரையின் அமைப்பு உறுதியாவதற்கு முன்னரே அடித்தளப் பணி ஆரம்பிக்கப்பட்டது. இதன் காரணமாக மேற்கூரையின் பாரத்தைத் தாங்கப் போதுமான பலமற்ற தூண்களைத் தகர்த்துத் திரும்பவும் எழுப்ப வேண்டியதாயிற்று.” ஏறக்குறைய எல்லாச் சொற்களும் மாறிவிட்டன. ஆனால் இரண்டு வாக்கியங்கள், அதே வரிசை, அதே ‘இதனால்’. இது ஒட்டுப்போட்ட எழுத்து. அடியில் ஆசிரியர் பெயரைப் போட்டாலும் குறை தீராது. பெயரைப் போட்டதும், எண்ணம் அவருடையது, வாக்கியம் எங்களுடையது என்று நீங்கள் சொன்னதாகிறது. இங்கே வாக்கியமும் அவருடையதுதான்.

மூலத்தை மூடி வைத்துவிட்டு, இந்தத் தகவல் நம் அத்தியாயத்தில் எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேட்டுக்கொண்டு எழுதினால் இப்படி வரும்: “வடிவமைப்பு முடியாமல் கட்டத் தொடங்கியதற்கு முதல் விலை தூண்களில் கொடுக்கப்பட்டது. 1959-இல் வேலை தொடங்கியபோது கூரையின் எடை எவ்வளவு என்பதே யாருக்கும் தெரியாது. பிற்பாடு அது தெரியவந்தபோது, கட்டிய தூண்களில் சில இடிக்கப்பட்டன. நம் பாடத்தில் வரும் ‘மறுவேலைச் செலவு’ என்பதற்கு இது நேரடியான சாட்சி.” இதிலும் ஆசிரியர் பெயர் வேண்டும், ஏனென்றால் செய்தி அங்கிருந்து வந்தது. ஆனால் வாக்கியத்தின் போக்கும், அதை மறுவேலைச் செலவோடு சேர்த்ததும் எழுதியவருடையவை. சேர்த்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது இல்லாத பத்தி பெரும்பாலும் ஒட்டுவேலையாகத்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்பும் இதில் சேரும். தமிழ் நாளிதழில் வந்த கட்டுரையை ஆங்கிலத்தில் மாற்றி ரிப்போர்ட்டில் சேர்த்தால் மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது. பிடிக்காததால் அது உங்கள் எழுத்தாகிவிடாது. நாளிதழின் பெயரும் தேதியும் போட வேண்டும்.

4. எண் ஒவ்வொன்றுக்கும் அது எந்த நாணயம், எதை எதோடு ஒப்பிட்டது என்று மூலத்திலேயே பாருங்கள்.

ஆப்பரா ஹவுஸுக்கு 1957-இல் போட்ட மதிப்பீடு என்ன? குழுவில் ஒருவர் 35 லட்சம் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 70 லட்சம் என்று. இரண்டும் சரி. முதலாவது ஆஸ்திரேலியப் பவுண்டு, இரண்டாவது ஆஸ்திரேலிய டாலர். 1966 பிப்ரவரியில் அந்நாடு டாலருக்கு மாறியபோது ஒரு பவுண்டுக்கு இரண்டு டாலர் என்று வைத்தார்கள். நாணயத்தைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் எடுத்ததால், இரண்டாம் அத்தியாயமும் நான்காம் அத்தியாயமும் சண்டை போடுகின்றன. படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும்: இவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்கவில்லை.

இன்னொன்று. கடைசிச் செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். அதை மதிப்பீடான 70 லட்சத்தால் வகுத்தால் 14.57 வருகிறது. அதாவது செலவு மதிப்பீட்டைப் போல் 14.57 மடங்கு, அல்லது மதிப்பீட்டின் 1,457 சதவீதம். இதையே ‘1,457 சதவீதம் அதிகம்’ என்று எழுதுவது உண்டு. அது தவறு, அதிகமான தொகை என்றால் 70 லட்சத்தைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

```
(102 - 7) / 7 = 13.57
```

ஆகவே அதிகமானது 1,357 சதவீதம். ஆப்பரா ஹவுஸ் பற்றிய ரிப்போர்ட் கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். ‘1,457 சதவீதம் அதிகம்’ என்று இருந்து, பக்கத்தில் ஒரு புத்தகத்தின் பெயரும் இருந்தால், அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கத் தோன்றும். கணக்குப் போட்டவர்களுக்கு வராத தவறு, நகல் எடுத்தவர்களுக்கு மட்டும் வரும். நீங்களே கணக்கிட்டால் இரண்டு தொகைகளுக்கும் மூலம் கொடுங்கள். சதவீதம் எங்கள் கணக்கு என்று ஒரு வரி எழுதுங்கள். திருத்தும் ஆசிரியருக்கு அதைவிடப் பிடித்த வரி வேறு இருக்காது.

5. படிக்காத நூலைப் படித்ததுபோல் காட்டாதீர்கள்.

குழுவாக வேலை செய்ததைப் பற்றி ஓர் அத்தியாயம் கேட்டிருப்பார்கள். உடனே புரூஸ் டக்மன் வருவார்: உருவாதல், மோதல், ஒழுங்குறுதல், செயல்படுதல், கலைதல் என்று ஐந்து நிலைகள், அடியில் (டக்மன், 1965). அந்த 1965-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருப்பவை நான்கு நிலைகள்தான். ஐந்தாவதான கலைதல், 1977-இல் டக்மனும் மேரி ஆன் ஜென்சனும் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் வந்தது. பாடப்புத்தகத்திலிருந்தோ யாருடைய ஸ்லைடிலிருந்தோ எடுத்துவிட்டு மூலக் கட்டுரையின் பெயரைப் போட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

மூலக் கட்டுரை கிடைத்தால் அதைப் படித்துவிட்டு அதன் பெயரைப் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால், நீங்கள் படித்த பாடப்புத்தகத்தைச் சொல்லுங்கள். ஏ.பி.ஏ. முறையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: வரிக்குள் டக்மன் பெயரையும் ஆண்டையும் போட்டு, as cited in என்று எழுதி, நீங்கள் உண்மையில் படித்த புத்தகத்தைச் சேர்க்க வேண்டும். பட்டியலில் வருவது அந்தப் பாடப்புத்தகம் மட்டுமே. இப்படி எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறார்கள். ஐந்தாறு இடங்களுக்கு மேல் போனால் சோம்பல் தெரியும் என்பது உண்மைதான். ஓரிரு இடத்தில் வந்தால் யாரும் குறை சொல்வதில்லை.

பி.எம்.ஐ. அமைப்பின் பி.எம்.பாக் கையேட்டுக்கும் இதே எச்சரிக்கை. 2017-இல் வந்த ஆறாம் பதிப்பில் பத்து அறிவுத்துறைகளும் 49 செயல்முறைகளும் இருந்தன. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பு அந்த அமைப்பையே விட்டுவிட்டு, பன்னிரண்டு கொள்கைகள், எட்டுச் செயல்திறன் களங்கள் என்று போனது. பத்து அறிவுத்துறைகளை விளக்கிவிட்டு அடியில் 2021 என்று போட்டால், எழுதியவர் இரண்டு பதிப்பையும் திறக்கவில்லை என்று பொருள்.

6. எதற்கு மூலம் வேண்டாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆப்பரா ஹவுஸ் சிட்னியில் இருக்கிறது, 1973-இல் திறக்கப்பட்டது என்பதற்கெல்லாம் வேண்டாம். பெர்ட் முறையில் எதிர்பார்க்கும் காலத்தைக் கணக்கிடும் வாய்பாடு எல்லாப் பாடநூலிலும் உள்ளது, அதற்கும் வேண்டாம். ஆனால் அந்த வாய்பாட்டில் நீங்கள் போட்ட நாட்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லியாக வேண்டும். கட்டிடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1966-இல் விலகினார் என்பது பொதுச் செய்தி. அவர் விலகியதற்கு யார் காரணம் என்பது ஒருவருடைய தீர்ப்பு. தீர்ப்பு சொன்னவர் பெயர் வேண்டும்.

7. படம், அட்டவணை, நேர்காணல், சீனியர் ரிப்போர்ட்.

வேறொருவருடைய வரைபடத்தை நீங்களே பவர்பாயின்ட்டில் மறுபடி வரைந்தாலும் அது அவருடையதுதான். படத்தின் கீழே, இன்னாருடைய படத்தைத் தழுவியது என்று ஆண்டோடும் பக்கத்தோடும் எழுதுங்கள். எம்.எஸ். ப்ராஜெக்டில் உங்கள் தரவை வைத்து நீங்கள் போட்ட கான்ட் சார்ட் உங்களுடையது. அதன் கீழே ‘குழு தயாரித்தது’ என்று எழுதினால் போதும்.

கட்டுமான இடத்துக்குப் போய் ஒரு பொறியாளரிடம் பேசியிருந்தால், ஏ.பி.ஏ. முறையில் அது தனிப்பட்ட தகவல்தொடர்பு என்று வரிக்குள் தேதியோடு வரும், பட்டியலில் வராது. பெயர் போட அவரிடம் அனுமதி கேளுங்கள். சீனியர் ரிப்போர்ட்டை அமைப்பு எப்படி என்று பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு பத்தி எடுத்தாலும், அதையும் ஒரு மூலமாகக் காட்ட வேண்டும். யாரும் காட்டுவதில்லை, ஏனென்றால் காட்டினால் நன்றாக இருக்காது. அப்படியானால் எடுக்காமல் இருப்பதுதான் வழி.

8. ஒட்டும் வேலையைக் கடைசி இரவுக்கு வைக்காதீர்கள்.

ஸோடெரோ என்ற இலவச மென்பொருளில் குழுவுக்கென்று ஒரு பொது நூலகம் அமைக்கலாம். எல்லாரும் மூலங்களை அதிலேயே சேர்த்து, வேர்டில் மேற்கோள் போடும்போதும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஆளாளுக்குத் தம் சொந்த நூலகத்திலிருந்து எடுத்தால், ஒரே புத்தகத்தை மென்பொருள் இரண்டு புத்தகமாக எண்ணிக்கொண்டு 2004a, 2004b என்று போட்டுவிடும். பட்டியலில் ஒரே நூல் இரு முறை வந்து, ஆண்டுக்குப் பின்னால் இப்படி எழுத்து ஒட்டியிருந்தால் காரணம் இதுதான்.

ஸோடெரோ போடும் மேற்கோள் வெறும் எழுத்து இல்லை. பின்னால் நூலின் விவரத்தோடு பிணைந்திருக்கிறது. அத்தியாயத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒட்டியோ நோட்பேடு வழியாகவோ கொண்டுவந்தால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். பார்ப்பதற்கு அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் அப்படியே இருக்கும், ஆனால் பட்டியலில் அந்த நூல் வராது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: வேர்டில் மேற்கோளின் மேல் க்ளிக் செய்தால் முழு அடைப்பும் சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அங்கே மறுபடி போடுங்கள். அத்தியாயங்களை வேர்டு கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகு மேற்கோள்களை வெறும் எழுத்தாக மாற்ற Unlink Citations என்ற கட்டளை இருக்கிறது. அதை அழுத்தும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், பின்வாங்க வழி கிடையாது.

மென்பொருளே வேண்டாம் என்பவர்கள் கையாலேயே செய்யலாம். அச்செடுத்த பிரதியில் ஒருவர் வரிக்குள் வரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் படிக்க, இன்னொருவர் பட்டியலில் டிக் அடிக்க வேண்டும். வாசித்து டிக் இல்லாமல் போனது பட்டியலில் விடுபட்ட நூல். பட்டியலில் டிக் இல்லாமல் நிற்பது, யாரும் பயன்படுத்தாமல் அழகுக்குச் சேர்த்த நூல். இரண்டாவதை வெட்கப்படாமல் நீக்குங்கள்.

9. சதவீதத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

ஒப்புமை பார்க்கும் மென்பொருள் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. ஒரே மாதிரி இருக்கும் சொற்றொடர்களைக் காட்டுகிறது, அவ்வளவே. யு.ஜி.சி. 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகள் ஆய்வேடுகளுக்கு நான்கு நிலைகள் வைத்திருக்கின்றன. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மேற்படாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தர முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்தாகும். முறையாகக் காட்டிய மேற்கோள்கள், துணைநூல் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான சொற்கள், சட்டங்கள், வழக்கமான சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேராது. வகுப்புக் குழு ரிப்போர்ட்டுக்கு உங்கள் கல்லூரி வேறு எல்லை வைத்திருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மொத்த சதவீதத்தை விட, அது எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். ஐந்து அத்தியாயமுள்ள ரிப்போர்ட்டில் மொத்தம் 9 என்று வரலாம். நான்கு அத்தியாயங்களில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல், மூன்றாவதில் மட்டும் பாதிப் பக்கம் நிறம் பூசியிருக்கலாம். அந்த 9 நல்ல எண் அல்ல. மாறாக 18 வந்து, திறந்து பார்த்தால் எல்லாம் பட்டியலும் பி.எம்.பாக் கலைச்சொற்களுமாக இருக்கலாம். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நிறம் பூசிய ஒவ்வொரு துண்டையும் எழுதியவரே திறந்து, மேற்கோள் குறி இருக்கிறதா, பெயர் இருக்கிறதா, மூன்றாம் குறிப்பில் சொன்ன ஒட்டுவேலையா என்று பார்க்க வேண்டும். சதவீதம் குறைவதற்காகச் சொல்லை மட்டும் மாற்றினால், பிடிபடக்கூடிய தவறு பிடிபடாத தவறாக மாறும்.

குழுக்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. ஐந்து பேரும் தனித்தனியே ஒரே கோப்பைப் போட்டுப் பார்த்தால், முதலில் போட்ட பிரதி மென்பொருளின் சேமிப்பில் தங்கி, அடுத்தவருக்குக் கிட்டத்தட்ட நூறு சதவீதம் ஒப்புமை காட்டக்கூடும். ஒருவர் மட்டும் போடட்டும். வரைவைச் சேமிக்காமல் பார்க்கும் வசதி உங்கள் கல்லூரியில் உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள்.

10. உங்களுடையதல்லாத ஓர் அத்தியாயத்தை எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆளுக்கு ஐந்து மேற்கோள்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு மாலை நேர வேலை. இல்லை என்றால் எழுதியவரிடம் நேராகக் கேளுங்கள், “அண்ணா, இந்தப் பக்கம் எங்க இருக்கு?” என்று. அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. முதல் பக்கத்தில் ‘இது எங்கள் சொந்த உழைப்பு’ என்ற உறுதிமொழி இருக்கும், அதன் கீழே ஐந்து கையெழுத்தும் இருக்கும். மூன்றாம் அத்தியாயத்தை எழுதியவர் யார் என்று விசாரணைக் குழு பிரித்துப் பார்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் முழு ரிப்போர்ட்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.